நான்கு ரெசிஸ்டர்களும் ஒரு சதவீதப் பிழையும்

ஓர் ஆப்-ஆம்ப், அதைச் சுற்றி நான்கு ரெசிஸ்டர்கள். வேறுபாட்டுப் பெருக்கி என்ற சுற்று இவ்வளவுதான். இரண்டு முனைகளில் உள்ள மின்னழுத்தங்களை வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மீதியைப் பெருக்கித் தருவது இதன் வேலை. டிப்ளமோ மாணவர் வரைந்து பழகும் இந்தச் சுற்று காகிதத்தில் குறையின்றி வேலை செய்கிறது. கடையில் வாங்கிய ரெசிஸ்டர்களை வைத்துப் பற்றவைத்தால் கணக்கு சொன்ன விடை வருவதில்லை. பழி பெரும்பாலும் ஆப்-ஆம்ப் மேல் விழுகிறது. தவறு நடப்பதோ அதைச் சுற்றி நிற்கும் நான்கு ரெசிஸ்டர்களில்.

இதைப் பார்க்க ஏற்ற இடம், சோலார் மின்அமைப்பில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் வெளியேறுகிறது என்று அளக்கும் சுற்று. பேட்டரியின் நேர்முனையிலிருந்து லோடுக்குப் போகும் கம்பியில் 0.01 ஓம் அளவுள்ள ஒரு தடையைத் தொடராக வைப்பார்கள். இதற்கு ஷண்ட் என்று பெயர். 5 ஆம்பியர் ஓடும்போது இதன் இரு முனைகளுக்கும் இடையே 0.05 வோல்ட், அதாவது 50 மில்லிவோல்ட், வித்தியாசம் தோன்றும். அளக்க வேண்டியது இந்த 50 மில்லிவோல்ட்டை மட்டுமே. ஆனால் ஷண்டின் இரு முனைகளும் தரையிலிருந்து ஏறத்தாழ 12 வோல்ட் உயரத்தில் உள்ளன. பேட்டரிப் பக்கம் 12.00 வோல்ட், லோடுப் பக்கம் 11.95 வோல்ட். இரண்டுக்கும் பொதுவான இந்த 12 வோல்ட்டைப் பொது மின்னழுத்தம் என்று அழைக்கலாம். தேவையான தகவல் இதில் எதுவும் இல்லை. ஆனால் தேவையான சிக்னலைப் போல் 240 மடங்கு பெரியது.

ஷண்டைத் தரைப்பக்கக் கம்பியில் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை என்று தோன்றும். அது பாதி உண்மை. அப்படி வைத்தால் லோடின் தரை, பேட்டரியின் தரையிலிருந்து சற்றே உயர்ந்து நிற்கும். நேர்முனைக் கம்பி வழியில் எங்காவது சட்டகத்தில் உரசிக் கசிந்தால், அந்த மின்னோட்டம் ஷண்டைத் தொடாமலேயே பேட்டரிக்குத் திரும்பிவிடக் கூடும். அதனால்தான் பல வடிவமைப்பாளர்கள் தொல்லையை ஏற்றுக்கொண்டு ஷண்டை மேல்பக்கத்திலேயே வைக்கிறார்கள்.

இந்த அளவீட்டின் இயல்பை ஒரு லாரியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். டிரைவரின் எடை எவ்வளவு என்று அறிய, அவரோடு சேர்த்து லாரியை எடை மேடையில் ஒருமுறை நிறுத்தி, அவரை இறக்கிவிட்டு மறுமுறை நிறுத்தி, இரண்டையும் கழிப்பது போன்ற வேலை இது. மேடை சிறிது தடுமாறினாலும் டிரைவரின் எடை அபத்தமாக வரும்.

சுற்றுக்குள் அந்தக் கழித்தல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். லோடுப் பக்க மின்னழுத்தம் V1, R1 வழியாக ஆப்-ஆம்பின் மைனஸ் முனைக்கு வருகிறது. அதே மைனஸ் முனையை ஆப்-ஆம்பின் வெளியீட்டோடு இணைப்பது R2. பேட்டரிப் பக்க மின்னழுத்தம் V2, R3 வழியாகப் பிளஸ் முனைக்கு வருகிறது. பிளஸ் முனையிலிருந்து தரைக்கு R4. ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றி இறக்கி, தன் இரு உள்ளீட்டு முனைகளையும் சமமாக வைத்துக்கொள்ளும் என்ற ஒரு விதி போதும். அதிலிருந்து வெளியீடு இப்படி அமைகிறது:

```
Vout = V2 × [R4/(R3+R4)] × [1 + R2/R1]  −  V1 × [R2/R1]
```

R1, R3 இரண்டும் 10 கிலோ ஓம், R2, R4 இரண்டும் 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். V1 போகும் பாதையில் பெருக்கம் 10. V2 போகும் பாதையில் நடப்பது இரண்டு வேலைகள். முதலில் R3, R4 இரண்டும் அதை 10/11 பங்காகக் குறைக்கின்றன. பிறகு ஆப்-ஆம்ப் அதை 11 மடங்கு பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்து அங்கேயும் 10. எனவே வெளியீடு, வித்தியாசத்தின் பத்து மடங்கு. 50 மில்லிவோல்ட் உள்ளே போனால் 0.5 வோல்ட் வெளியே வரும். ஆம்பியருக்கு 0.1 வோல்ட் என்று வாசிக்கலாம்.

லோடை அணைத்துவிட்டால் இரு முனைகளிலும் சரியாக 12 வோல்ட். ஒரு பாதை 120 என்ற எண்ணைக் கூட்டுகிறது. மறு பாதை 120 என்ற எண்ணைக் கழிக்கிறது. வெளியீட்டில் 120 வோல்ட் எப்போதும் தோன்றுவதில்லை. கணக்கில் மட்டும் இருக்கும் எண்கள் இவை. ஆனால் விடை பூஜ்யமாக வேண்டுமென்றால் இந்த இரண்டு எண்களும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குரிய நிபந்தனை R2/R1 = R4/R3 என்ற ஒரே சமன்பாடு.

இந்த நிபந்தனையில் கவனிக்க வேண்டியது, அது விகிதங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பது. நான்கு ரெசிஸ்டர்களும் ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தாலும் பொது மின்னழுத்தம் முழுமையாக விலக்கப்படும். R1, R2 இரண்டும் ஒரு சதவீதம் கூடுதலாகவும் R3, R4 இரண்டும் ஒரு சதவீதம் குறைவாகவும் இருந்தாலும் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது ஒரு ஜோடியின் விகிதம் மறு ஜோடியின் விகிதத்திலிருந்து விலகும்போதுதான். மிக மோசமான நிலை, R1, R4 இரண்டும் மேலே போய், R2, R3 இரண்டும் கீழே போவது. அப்போது நான்கு பிழைகளும் ஒரே திசையில் கூடிவிடுகின்றன.

ஒரு சதவீத ரெசிஸ்டர்களை வைத்து அந்த மோசமான நிலையைக் கணக்கிட்டால் R1 = 10.1, R2 = 99, R3 = 9.9, R4 = 101 கிலோ ஓம். லோடு அணைந்திருக்கிறது, இரு முனைகளிலும் 12 வோல்ட். கூட்டும் பாதை தருவது 118.05. கழிக்கும் பாதை தருவது 117.62. மிச்சம் 0.43 வோல்ட். ஆம்பியருக்கு 0.1 வோல்ட் என்று வாசிக்கும் மீட்டரில் இது 4.3 ஆம்பியராகத் தெரியும். ஒரு ஆம்பியர்கூட ஓடாத கம்பியில் 4.3 ஆம்பியர்! எதிர்த் திசையில் பொருந்தாமல் போயிருந்தால், 4.3 ஆம்பியர் வரை ஓடினாலும் மீட்டர் ஏறத்தாழ அசையாமல் இருக்கும்.

ஒரு சதவீதப் பிழையுள்ள உறுப்புகளிலிருந்து ஒரு சதவீதப் பிழையுள்ள விடை வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பெருக்கத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரிதான். மேலே சொன்ன நிலையிலும் பெருக்கம் பத்துக்குப் பதில் 9.8 ஆகிறது, அவ்வளவே. ஆனால் கழித்தலில் அந்தச் சிறு பிழை, சிக்னலின் மேல் விழாமல் 120 என்ற பெரிய எண்ணின் மேல் விழுகிறது. சுற்று கெடுவது இங்கேதான்.

நான்கும் ஒரே நேரத்தில் எல்லைக்குப் போவது அரிது என்று சொல்லலாம். ஒரே ரீலில் வந்த ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் அச்சிட்ட சகிப்பு எல்லையைவிட ஒன்றோடொன்று நெருங்கியே இருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் அதற்கு உற்பத்தியாளர் உத்தரவாதம் தருவதில்லை. நான்கில் ஒன்று வேறு ரீலிலிருந்து வந்தாலே போதும். R4 மட்டும் ஒரு சதவீதம் கூடி, மற்ற மூன்றும் துல்லியமாக இருக்கும் நிலையில்கூட வெளியீட்டில் 0.108 வோல்ட் தோன்றுகிறது. மீட்டரில் அது 1.1 ஆம்பியர்.

பொதுவான மின்னழுத்தத்தை ஒரு சுற்று எவ்வளவு விலக்குகிறது என்பதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு சி.எம்.ஆர்.ஆர். வித்தியாசத்துக்குக் கிடைக்கும் பெருக்கத்தை, பொது மின்னழுத்தத்துக்குக் கிடைக்கும் பெருக்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. பெரிய எண்ணாக இருந்தால் நல்லது. இதை டெசிபலில் சொல்வது வழக்கம். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 20 டெசிபல். நான்கு ரெசிஸ்டர்களின் சகிப்பு t, சுற்றின் பெருக்கம் G என்றால், மிக மோசமான நிலையில் இது கிட்டத்தட்ட

```
CMRR ≈ (1 + G) / (4t)
```

என்று வரும். மேலே உள்ள சுற்றில் G = 10, t = 0.01; விடை 275, அதாவது 49 டெசிபல். பெருக்கம் 1 மட்டுமே உள்ள சுற்றில் அதே ரெசிஸ்டர்கள் தருவது 50 மட்டுமே, 34 டெசிபல். பெருக்கம் கூடினால் எண் உயர்வதற்குக் காரணம் எளிது. பொது மின்னழுத்தத்தின் கசிவு எவ்வளவு பெருக்கினாலும் 4t என்ற அளவுக்கு மேல் போவதில்லை. வித்தியாசமோ பெருக்கத்தோடு சேர்ந்து வளர்கிறது.

சகிப்பைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 20 டெசிபல் கிடைக்கும் என்பதும் இதே சூத்திரத்தில் தெரிகிறது. 0.1 சதவீத ரெசிஸ்டர்களைப் போட்டால் பேட்டரிச் சுற்றின் மோசமான பிழை 4.3 ஆம்பியரிலிருந்து சுமார் 0.44 ஆம்பியருக்கு இறங்கும். 0.01 சதவீதத்தில் 0.044 ஆம்பியர். ரெசிஸ்டர் விலையும் அதே வேகத்தில் ஏறும் என்பதால் வடிவமைப்பாளர் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்.

சூத்திரத்தில் ஆப்-ஆம்பின் பெயரே இல்லை. ஆப்-ஆம்புக்கும் தனக்கென ஒரு சி.எம்.ஆர்.ஆர். உண்டு, தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே பெரிய எண்ணாக அச்சாகியிருக்கும். 80 டெசிபல் உள்ள சாதாரண ஆப்-ஆம்பை எடுத்துக்கொண்டால், அதன் முனைகளில் நிற்கும் 10.9 வோல்ட்டால் வரும் பிழை, 11 மடங்கு பெருகி வெளியீட்டில் சுமார் 12 மில்லிவோல்ட். மீட்டரில் 0.12 ஆம்பியர். விலை உயர்ந்த 100 டெசிபல் ஆப்-ஆம்புக்கு மாறினால் இந்த 12 மில்லிவோல்ட் 1.2 ஆகும். ரெசிஸ்டர்கள் தந்த 430 மில்லிவோல்ட் அப்படியே நிற்கும். சுற்று சரியாக வரவில்லை என்று ஆப்-ஆம்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஷண்டிலிருந்து இரண்டு உள்ளீட்டுக் கம்பிகளையும் கழற்றி ஒன்றாக முறுக்கி, முதலில் தரையோடு இணைத்து வெளியீட்டை அளக்க வேண்டும். பிறகு அதே ஜோடியை 12 வோல்ட்டோடு இணைத்து மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு முறையும் வித்தியாசம் பூஜ்யம். முதல் அளவு 11 மில்லிவோல்ட், இரண்டாவது 440 மில்லிவோல்ட் என்று வந்தால், முதல் 11 ஆப்-ஆம்பின் ஆஃப்செட். ஒரு மில்லிவோல்ட் ஆஃப்செட் 11 மடங்கு பெருகினால் இவ்வளவு வரும். இரண்டுக்கும் இடையே உள்ள 429 தான் ரெசிஸ்டர்கள் பொருந்தாததால் வந்தது. அதை 12 ஆல் வகுத்தால் 0.036; பொது மின்னழுத்தத்துக்குக் கிடைக்கும் பெருக்கம் அதுவே. ஒரே ஓர் அளவீட்டை வைத்து இந்த இரண்டு பிழைகளையும் பிரிக்க முடியாது. ஆப்-ஆம்பின் ஆஃப்செட் பின்னைத் திருகி 440 மில்லிவோல்ட்டையும் பூஜ்யமாக்கிவிட்டு நிம்மதி அடைபவர், பேட்டரி சார்ஜ் ஏறி 14.4 வோல்ட்டுக்குப் போகும்போது மீட்டர் மீண்டும் நகர்வதைப் பார்ப்பார். ஆஃப்செட் நிலையான பிழை. இது பேட்டரியோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிழை.

உண்மையான திருத்தம் விகிதத்தில்தான் செய்யப்பட வேண்டும். R4 இருக்கும் இடத்தில் 95.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதோடு தொடராக 10 கிலோ ஓம் மல்ட்டி-டர்ன் பிரீசெட் ஒன்றும் வைப்பது வழக்கமான ஏற்பாடு. ஒன்றாக முறுக்கிய உள்ளீடுகளை 0 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, வெளியீடு அசையாத இடம் வரும்வரை திருக வேண்டும். வெளியீடு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அசையாமல் இருந்தால் போதும். ஆஃப்செட்டை அதன் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இருபத்தைந்து சுற்றுப் பிரீசெட்டில் ஒரு சுற்று என்பது 400 ஓம், அதாவது R4 இன் 0.4 சதவீதம். 0.01 சதவீதம் வரை கொண்டுவர சுற்றின் நாற்பதில் ஒரு பங்கு திருக வேண்டும். பொறுமையுள்ள கைக்கு இது முடியும்.

முடிந்த பிறகு அது அப்படியே நிற்குமா என்பது வேறு கேள்வி. ரெசிஸ்டரின் மதிப்பு வெப்பத்தோடு மாறுகிறது. சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் இந்த மாற்றம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு பத்து லட்சத்தில் 50 அல்லது 100 பங்கு வரை, கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். 25 டிகிரியில் துல்லியமாகச் சரிசெய்த சுற்று, மூடிய பெட்டிக்குள் 55 டிகிரிக்குப் போகிறது என்று கொள்ளலாம். 30 டிகிரி ஏற்றத்தில் 100 பங்கு ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் 0.3 சதவீதம் நகரக்கூடும். நான்கும் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தால் மீட்டரில் 1.3 ஆம்பியர் பிழை திரும்பி வரும். நான்கும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே வெப்பத்தில் எவ்வளவு குறைவாக நகர்கிறது என்பதைவிட, எவ்வளவு ஒற்றுமையாக நகர்கிறது என்பது முக்கியம். மைக்ரோகன்ட்ரோலரில் பேட்டரி மின்னழுத்தத்தையும் அளந்து, 0.036 மடங்கைக் கழித்துவிடும் மென்பொருள் திருத்தத்துக்கும் இதே எல்லை உண்டு: 25 டிகிரியில் கண்ட 0.036, 55 டிகிரியில் 0.036 ஆக இருக்க வேண்டியதில்லை.

ஒற்றுமையை வாங்கவே முடியும். ஒரே தகட்டில் ஒரே நேரத்தில் படியவைத்த நான்கு ரெசிஸ்டர்கள் ஒரே உறைக்குள் கிடைக்கின்றன. எல்டி5400 என்ற தொகுப்பில் நான்கின் பொருத்தம் 0.01 சதவீதம் வரை உறுதி செய்யப்படுகிறது. ஒவ்வொன்றின் தனி மதிப்பு அந்த அளவு துல்லியமாக இருப்பதில்லை. இருக்கத் தேவையும் இல்லை. இன்னும் ஒரு படி போய், ஆப்-ஆம்பையும் நான்கு ரெசிஸ்டர்களையும் ஒரே சிலிக்கான் சில்லில் அமைத்து, தொழிற்சாலையிலேயே லேசரால் செதுக்கிச் சமன்செய்து விற்கும் ஐ.சி.க்களும் உண்டு. ஐஎன்ஏ105 அத்தகையது, நான்கு 25 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், பெருக்கம் 1. ஐஎன்ஏ117 என்ற அதன் உறவினர், 200 வோல்ட் வரை பொது மின்னழுத்தம் உள்ள இடங்களிலும் வித்தியாசத்தைப் பிரித்தெடுக்கிறது.

ஐ.சி.யை வாங்கிய பிறகும் வெளியே கெடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. உள்ளீட்டுக்கு முன்னால் இருக்கும் எந்தத் தடையும் R1 அல்லது R3 ஓடு சேர்ந்துவிடும். ஐஎன்ஏ105 இன் ஒரு கம்பியில் மட்டும் 5 ஓம் கூடுதல் என்றால், 25 கிலோ ஓமில் அது 0.02 சதவீதம், அதற்கு மேல் வேறு பிழையே இல்லை என்றாலும் சி.எம்.ஆர்.ஆர். 80 டெசிபலைத் தாண்டாது. பேட்டரிச் சுற்றில் ஷண்டைப் பாதுகாக்க ஒரு கம்பியில் மட்டும் 100 ஓம் ரெசிஸ்டரைச் செருகுபவர், 10 கிலோ ஓமோடு ஒரு சதவீதத்தைச் சேர்த்து, கடினப்பட்டு அடைந்த சமநிலையைக் கலைத்துவிடுகிறார். இரு கம்பிகளிலும் 100 ஓம் போட்டால் பெருக்கம் சற்றுக் குறையுமே தவிர, கழித்தல் கெடாது.

ஷண்ட் போலத் தடை மிகக் குறைந்த மூலமாக இல்லாமல், மூலத்திலேயே கணிசமான தடை இருக்கும் இடங்களில் மூன்று ஆப்-ஆம்ப் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கியைப் பயன்படுத்துகிறார்கள். நான்கு ரெசிஸ்டர் சுற்றுக்கு முன்னால் இரண்டு ஆப்-ஆம்ப்கள் காவலாக நிற்கின்றன. மூலத்திலிருந்து இவை மின்னோட்டமே எடுப்பதில்லை என்று சொல்லலாம், அதனால் மூலத்தின் தடை R1, R3 உடன் கலப்பதில்லை. அதைவிடப் பயனுள்ள இன்னொன்று: இந்த முன்வரிசை வித்தியாசத்தை மட்டும் பெருக்கி, பொது மின்னழுத்தத்தை ஒரு மடங்காகவே கடத்திவிடுகிறது. முன்வரிசையில் நூறு மடங்கு பெருக்கினால் 40 டெசிபல் கூடுகிறது. பின்னால் உள்ள நான்கு ரெசிஸ்டர்கள் 0.1 சதவீதமாக இருந்து 54 டெசிபல் மட்டுமே தந்தாலும் மொத்தம் 94 டெசிபல் வரும். ரெசிஸ்டர்களின் குறை தீரவில்லை. அது தீங்கு செய்யுமுன் சிக்னல் வளர்ந்துவிடுகிறது.

இதுவரை பேசியது நேர்மின்னோட்டம். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் பல கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஸ்விட்ச் செய்பவை. பேட்டரிக் கம்பியில் அந்த வேகத்தில் ஏற்ற இறக்கமும் கலந்தே இருக்கும். அங்கே ரெசிஸ்டர்களின் மதிப்போடு, அவற்றைச் சுற்றியுள்ள ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸும் பொருந்த வேண்டியதாகிறது. 100 கிலோ ஓம் R2, R4 இரண்டில் ஒன்றில் மட்டும் ஒரு பிக்கோஃபாரட் கூடுதல் இருந்தால், 50 ஹெர்ட்ஸில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. 10 கிலோஹெர்ட்ஸிலோ அது 0.6 சதவீதப் பொருத்தமின்மைக்குச் சமம், அதற்கு மேல் அதிர்வெண்ணோடு நேராக வளரும். பிரீசெட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. நான்கு ரெசிஸ்டர்களையும் பத்தில் ஒரு பங்காக்கி 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று வைத்தால் அதே ஒரு பிக்கோஃபாரட்டின் விளைவும் பத்தில் ஒரு பங்காகும். விலையாக ஒவ்வொரு கம்பியிலும் 0.11 மில்லிஆம்பியருக்குப் பதில் 1.1 மில்லிஆம்பியரை, லோடு அணைந்திருக்கும்போதும், பேட்டரி தந்துகொண்டே இருக்க வேண்டும்.